திருவல்லிக்கேணி வைகுண்ட ஏகாதசி: எந்த வாசலில் போய் நிற்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்த்தசாரதி கோயிலுக்கு முன் வாசல் எது, பின் வாசல் எது? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

சொல்கிற எல்லோரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். மூலவர் வேங்கடகிருஷ்ணன் கிழக்கு பார்த்து நிற்கிறார். அவருக்கு எதிரே கைரவிணி புஷ்கரிணி, அதாவது தெப்பக்குளம். அவரைச் சேவிக்க வருகிறவர்களுக்குக் குளத்துப் பக்கம்தான் முன் வாசல். அதே கோயிலுக்குள் நரசிம்மர், தெள்ளியசிங்கர் என்ற திருநாமத்தோடு, மேற்கு பார்த்து எழுந்தருளியிருக்கிறார். அவருக்குத் தனிக் கொடிமரம், தனி வாசல். நரசிம்மரையே வாராவாரம் சேவித்துப் பழகிய குடும்பத்துக்கு மேற்கு வாசல்தான் முன் வாசல்.

மற்ற நாளில் இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. எந்தப் பக்கம் நுழைந்தாலும் உள்ளே சுற்றி வந்துவிடலாம். வைகுண்ட ஏகாதசி அன்று மட்டும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக மாட வீதியைத் தடுப்புகளுக்கு வெளியே சுற்ற வேண்டியிருக்கும். அதனால் போனில் பேசும்போதும் வாட்ஸ்அப்பில் எழுதும்போதும் ‘முன்’, ‘பின்’, ‘மெயின் கேட்’ என்ற சொற்களையே விட்டுவிடுங்கள். ‘கிழக்கு, குளத்துப் பக்கம்’ என்றோ ‘மேற்கு, நரசிம்மர் பக்கம்’ என்றோ சொல்லுங்கள். திசை தெரியாத பாட்டிக்கும் குளம் தெரியும்.

சொர்க்க வாசல் வழியாகத்தானே உள்ளே போகணும்? அது எந்தத் தெருவில் இருக்கிறது?

எந்தத் தெருவிலும் இல்லை. பரமபத வாசல் கோயிலுக்குள்ளே இருக்கிறது. பெருமாள் கோயில்களில் வழக்கமாக அது வடக்குப் பக்கத்து வாசல், ஆண்டு முழுக்க மூடியிருப்பது. ஏகாதசி அன்று அதிகாலை, நாலு நாலரை மணி வாக்கில், உற்சவர் பார்த்தசாரதி அதன் வழியாக எழுந்தருளுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கடப்பது.

ஆக, உங்கள் வழியில் மூன்று இடங்கள் உண்டு: தெருவில் வரிசை தொடங்கும் இடம், கோயிலுக்குள் நுழையும் வாசல், உள்ளே கடந்து போகும் பரமபத வாசல். மூன்றுக்கும் ‘வாசல்’ என்றே பேசுவதால்தான் பாதிக் குழப்பம். ‘வடக்கு வாசல் நாலரைக்குத் திறக்கிறாங்க’ என்று யாராவது அனுப்பினால், அது பெருமாள் புறப்படும் நேரம். வடக்கே ஏதோ தெருவில் போய் நிற்கச் சொல்லும் அறிவிப்பு அல்ல.

இன்னொன்று. வாசல் திறக்கிற சமயத்தில் வெளியே வரிசை நகராது. உள்ளே சேவை முடிகிற வரை அப்படியே நிறுத்திவைப்பார்கள். ‘வாசல் திறந்தாச்சு’ என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் பின்னால் இருப்பவர்கள் முன்னால் தள்ளத் தொடங்குவார்கள். நெரிசல் அதிகமாக ஏற்படுவது அந்தச் சில நிமிடங்களில்தான். தெருவில் நிற்கும் உங்களுக்கு அந்த நொடியில் எதுவும் திறக்கவில்லை என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

போன தடவை கிழக்கு வாசலில் விட்டார்கள். இந்தத் தடவையும் அப்படித்தானே?

அப்படி நம்பிப் போகாதீர்கள். பொது தரிசனம் எந்தப் பக்கம், கட்டணச் சீட்டு எந்தப் பக்கம், வெளியேறுவது எந்தப் பக்கம் என்பதை இந்து சமய அறநிலையத் துறையின் கோயில் நிர்வாகமும் காவல் துறையும் அந்தந்த ஆண்டு சேர்ந்து முடிவு செய்கின்றன. கோயிலுக்குள் திருப்பணிக்காகச் சாரம் கட்டியிருந்தாலோ ஒரு தெருவில் பள்ளம் தோண்டியிருந்தாலோ ஏற்பாடு தலைகீழாகலாம். நுழைகிற கூட்டமும் வெளியேறுகிற கூட்டமும் எதிரெதிரே மோதக் கூடாது என்பது மட்டும் எந்த ஆண்டும் மாறாது. ஒரு பக்கம் நுழைவு என்றால் வெளியேறுவது வேறு பக்கமாகத்தான் இருக்கும்.

குடும்ப குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்திருக்கு, ‘வைகுண்ட ஏகாதசி 2025 ஏற்பாடுகள்’ என்று. நம்பலாமா?

அந்தத் தலைப்பே போதாது. 2025-இல் வைகுண்ட ஏகாதசி இரண்டு முறை வந்தது: ஜனவரி 10, வெள்ளிக்கிழமை, டிசம்பர் 30, செவ்வாய்க்கிழமை. 2023-லும் இப்படித்தான், ஜனவரி 2, டிசம்பர் 23. நடுவில் 2024-இல் ஒன்றுகூட இல்லை. மார்கழி மாதம் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை போகிறது. அதில் வளர்பிறை ஏகாதசி விழும் நாள் ஆண்டுக்காண்டு முன்பின் நகரும். ஆகையால் ஆங்கில ஆண்டை மட்டும் போட்ட செய்தி எந்த ஏகாதசிக்கானது என்று அந்த ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது. பழைய ஏற்பாடு புதியதுபோல ஊர் சுற்றுவது பெரும்பாலும் இப்படித்தான்.

பார்க்க வேண்டியது தேதியும் கிழமையும். இரண்டும் இருந்து, இரண்டும் காலண்டரோடு ஒத்துப்போனால் மேலே படிக்கலாம். ‘வரும் வெள்ளிக்கிழமை’ என்று எழுதியிருக்கிறது, இந்த ஆண்டு ஏகாதசி வேறு கிழமை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்து, சொன்னது யார் என்று பாருங்கள். கோயில் செயல் அலுவலர் அல்லது துணை ஆணையர் பெயரில் வந்த அறிவிப்பா, போக்குவரத்துக் காவல் துறையின் செய்திக்குறிப்பா, அல்லது ‘எனக்குத் தெரிந்த பட்டர் சொன்னார்’ வகையா? மூன்றாவது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பட்டருக்குத் தெரிந்தது உள்ளே நடக்கும் சேவையின் நேரம். தெருவில் தடுப்பு எங்கே வைக்கிறார்கள் என்பது அவர் வேலை அல்ல.

நள்ளிரவு விஷயத்தையும் கவனியுங்கள். ‘30-ஆம் தேதி அதிகாலை’ என்றால் நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவது 29-ஆம் தேதி இரவு. ஒரு நாள் தள்ளி வந்து, எல்லாம் முடிந்த வாசலைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு.

சரி, அப்படியானால் உறுதியான தகவல் எங்கே, எப்போது கிடைக்கும்?

முன்கூட்டியே வருவது இரண்டு. கட்டணச் சீட்டு, தரிசன நேரம் போன்றவை கோயில் அலுவலகத்திலிருந்தும் அறநிலையத் துறையின் hrce.tn.gov.in தளம் வழியாகவும் வரும். எந்தத் தெருவில் வண்டி போகாது, எங்கே நிறுத்துவது என்பதைப் போக்குவரத்துக் காவல் துறை விழாவையொட்டி அறிவிக்கும், மறுநாள் தமிழ் நாளிதழ்களின் சென்னைப் பக்கத்திலும் வந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கோயில் அறிவிப்பு வாசலைச் சொல்லும், ஆனால் ஆட்டோ எங்கே இறக்கிவிடும் என்பதைச் சொல்லாது.

ஆனால் என்னைக் கேட்டால், முந்தின நாள் மாலை கோயிலைச் சுற்றி ஒருமுறை நடப்பதற்கு ஈடு எதுவுமில்லை. பக்கத்தில் இருக்கும் உறவினர் யாராவது நடந்தாலும் போதும். அதற்குள் சவுக்குக் கட்டைகள் நட்டு, தகரப் பந்தல் போட்டு, ‘பொது தரிசனம் செல்லும் வழி’ என்று பேனர் கட்டியிருப்பார்கள். வரிசை வளைந்து வளைந்து போகும்படி தடுப்பு கட்டியிருந்தால் அது நுழையும் பக்கம். மெட்டல் டிடெக்டர் வாசற்படி வைத்திருந்தாலும் அதுதான். அகலமாக, நேராக, வளைவே இல்லாமல் விட்டிருந்தால் வெளியேறும் வழியாக இருக்கும். பேனரைப் படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுங்கள். படத்தில் பேனரோடு பின்னால் தெரியும் கடையும் விழட்டும், அப்போதுதான் எந்த முனை என்று புரியும்.

அங்கே போனபிறகு யாரைக் கேட்பது? போலீஸா, பூக்காரரா, கோயில் ஆளா?

மூவருக்கும் தெரிந்தது வேறு வேறு. பந்தோபஸ்துக்கு நிற்கும் காவலர் வேறு காவல் நிலையத்திலிருந்து அன்று ஒரு நாளுக்காக வந்தவராக இருக்கலாம். தன் முனையில் யாரை விட வேண்டும், யாரை விடக் கூடாது என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். கோயிலின் மறுபக்கம் என்ன நடக்கிறது என்பது தெரியாமல் இருக்கலாம். அவரிடம் ‘இந்த வழியில் போகலாமா?’ என்று மட்டும் கேளுங்கள். பூ, துளசி விற்பவர்களுக்கு அந்த நிமிடம் கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது கண்ணால் தெரியும், ஆனால் சீட்டு வகையெல்லாம் அவர்கள் கணக்கில் வராது. கோயில் பணியாளருக்கும் அடையாள அட்டை மாட்டிய தன்னார்வலருக்கும் எந்தச் சீட்டு எந்த வாசல் என்பது தெரியும்.

கேட்கும் கேள்வியும் முக்கியம். ‘எந்த வாசல்?’ என்று கேட்டால் கோபுரத்தைக் கைகாட்டுவார்கள். நீங்கள் கோபுரத்தடியில் போய் நின்றால், வரிசை நாலு தெரு தள்ளித் தொடங்குகிறது, திரும்பிப் போ என்பார்கள். சரியான கேள்வி: ‘பொது தரிசன வரிசையின் கடைசி இப்போ எங்கே இருக்கு?’ இதில் ‘பொது’, ‘கடைசி’, ‘இப்போ’ மூன்றுமே வேலை செய்யும் சொற்கள். பதிலை இன்னொருவரிடமும் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நடையைக் கட்டலாம்.

கட்டணச் சீட்டு எடுத்திருக்கோம். எங்களுக்கும் அதே வரிசைதானா?

வழக்கமாக அல்ல. சீட்டில் வாசலும் நேரமும் அச்சிட்டிருந்தால் அதுதான் முடிவு, வேறு யார் சொன்னாலும் அடுத்தபட்சம். அச்சில் ‘மேற்கு’ என்றிருந்து, வாசலில் நிற்பவர் ‘அந்தப் பக்கம் போங்க’ என்றால் சீட்டைக் கையில் பிடித்துக் காட்டிக் கேளுங்கள். சத்தத்தில் வாயால் சொல்வது காதில் விழாது. போனில்தான் சீட்டு இருக்கிறது என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை ஆயிரம் பேர் ஒரே இடத்தில் நிற்கும்போது நெட் இழுக்காது.

‘வேற வாசல்ல சீக்கிரம் கூட்டிட்டுப் போறேன்’ என்று ஒருவர் காசு கேட்கிறார்...

கொடுக்காதீர்கள். அப்படி ஒரு வாசல் இருந்தாலும் உங்களை உள்ளே விடுகிற அதிகாரம் அவரிடம் இல்லை. பெரும்பாலும் வெளியேறும் வழியில் எதிர்த்திசையில் நுழைக்கப் பார்ப்பார்கள். அது உங்களுக்கும் ஆபத்து, இறங்கி வருபவர்களுக்கும் ஆபத்து.

ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்லுங்களேன். அம்பத்தூரிலிருந்து அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு வருகிறோம்.

அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது, முழங்கால் வலி, பையனுக்கு ஒன்பது வயது என்று வைத்துக்கொள்வோம். கையில் சீட்டு இல்லை. குரூப்பில் இரண்டு ஃபார்வர்டு. ஒன்றில் பொது தரிசனம் கிழக்கு என்றும் மற்றதில் மேற்கு என்றும் இருக்கிறது. இரண்டிலும் தலைப்பு ‘2025’.

முதல் வேலை, இரண்டிலும் தேதியைத் தேடுவது. ஒன்றின் அடியில் ‘ஜன. 10’ என்று இருக்கிறது. டிசம்பர் ஏகாதசிக்குப் போகிறவர்களுக்கு அது குப்பைக்கு. மற்றதில் தேதியே இல்லை. அதற்காக அது சரி என்றாகிவிடாது, உறுதியாகாத தகவல் என்ற அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, அலுவலக நேரத்தில் கோயிலுக்குப் போன் போட்டு மூன்றே விஷயம் கேட்கலாம்: பொது தரிசனம் எந்தப் பக்கம், மூத்தவர்களுக்குத் தனி வழி உண்டா, எத்தனை மணி முதல். நீளமாகக் கேட்டால் விழா நேரத்தில் பதில் வராது. லைன் கிடைக்கவில்லை என்றால் மறுநாள் காலைப் பேப்பர்.

பிறகு ஒரு முடிவு எடுக்க வேண்டும்: அம்மாவை அதிகாலை வாசல் திறப்புக்குக் கூட்டி வருவதா? முழங்கால் வலியோடு இரவெல்லாம் தெருவில் நிற்பது நடக்காத காரியம். பரமபத வாசலைக் கடக்கும் வாய்ப்பு அந்த அதிகாலையோடு முடிவதில்லை. ஏகாதசியில் தொடங்கும் பத்து நாள் இராப்பத்து உற்சவத்திலும் வாசல் திறப்பு உண்டு, நேரம் கோயில் பலகையில் எழுதியிருக்கும். ஏகாதசி அன்றேதான் வேண்டும் என்றால் முதல் அலை வடிந்த பிறகு வரலாம். உங்களில் ஒருவர் மட்டும் முன்னால் போய் வரிசையின் கடைசியைக் கண்டுபிடித்து, அது எந்தத் தெரு முனை என்று சொன்ன பிறகு அம்மாவை ஆட்டோவில் அந்த முனைக்கு அழைத்து வருவது நல்லது. எல்லோரும் ஒன்றாக இறங்கி, ஒன்றாகத் தேடி, ஒன்றாகக் களைத்துப் போக வேண்டாம்.

ரயிலில் வந்தால் எந்தப் பக்கம் கிட்ட? பஸ்ஸில் வந்தால்?

பறக்கும் ரயிலின் திருவல்லிக்கேணி நிலையம் கோயிலுக்குக் கிழக்கே, பக்கிங்காம் கால்வாயோரம். அங்கிருந்து நடந்தால் முதலில் குளத்துப் பக்கம் வரும். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை கோயிலுக்கு மேற்கே. அங்கே பஸ் இறங்கி வருபவர்களுக்கு மேற்குப் பக்கம்தான் கிட்ட. உங்கள் வாசல் எந்தப் பக்கம் என்று உறுதியான பிறகு எதில் வருவது என்று முடிவு செய்யுங்கள். வாசல் திறப்பைப் பார்க்கிறவர்கள் காலை முதல் ரயிலை நம்ப முடியாது. இரவே வந்துவிட வேண்டும்.

கூகுள் மேப்பில் கோயிலைப் போட்டால் குத்தூசி கோயிலின் நடுவில் விழும், வழி அதற்குக் கிட்டத்தில் உள்ள தெருவில் போய் முடியும். அந்தத் தெரு உங்கள் வாசலாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வரிசையின் கடைசி எந்தத் தெரு என்று தெரிந்ததும் அந்தத் தெருவின் பெயரையே மேப்பில் போடுங்கள்.

செருப்பை எங்கே விடுவது?

நுழைந்த வாசலில் விட்டால் வெளியேறும்போது அது கோயிலின் மறுபக்கம் இருக்கும். திரும்ப எடுக்க எதிர்க் கூட்டத்தில் நுழைய விடமாட்டார்கள். வெறுங்காலோடு சுற்றி வர வேண்டும். வண்டியிலேயே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு துணிப்பையில் போட்டு வெளியே காத்திருப்பவரிடம் கொடுங்கள்.

வரிசையில் நிற்கும்போதே ‘வாசல் மாத்திட்டாங்க’ என்று கத்துகிறார்கள். ஓடணுமா?

ஓடாதீர்கள். வாசல் மாற்றுவது உண்மையில் நடக்கிற காரியம்தான். ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் அதை நிறுத்திவிட்டு வேறு வழி திறப்பார்கள். ஆனால் அப்படிச் செய்தால் ஒலிபெருக்கியில் சொல்வார்கள், காவலர்கள் தடுப்பை ஒரு இடத்தில் திறந்து வரிசையைத் தலையிலிருந்து நகர்த்துவார்கள். கூட்டத்தின் நடுவிலிருந்து வரும் குரல் அறிவிப்பு ஆகாது. உங்களுக்கு முன்னால் இருப்பவர்கள் நகர்கிறார்களா என்று பாருங்கள். அவர்கள் அசையவில்லை, பின்னால் இருப்பவர்கள் மட்டும் அலைகிறார்கள் என்றால் அது வதந்தி.

நிஜமாகவே நெருக்கம் கூடி, கையை உயர்த்த முடியாத நிலை வருகிறது என்றால் வாசல் எது என்ற யோசனையை விட்டுவிடுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கைகளை மார்புக்கு முன்னால் மடக்கி வைத்து, கூட்டத்தின் போக்கை எதிர்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் ஒதுங்கி வெளியேறுங்கள். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்காதீர்கள்.

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலுக்கும் இதே முறைதானா?

திசையைச் சொல்லிப் பேசுவது அங்கே இன்னும் அவசியம். கபாலீஸ்வரர் மேற்கு பார்த்து இருக்கிறார், குளமும் மேற்கே. ஆனால் தூரத்திலிருந்து தெரிகிற உயரமான ஏழு நிலை ராஜகோபுரம் கிழக்கே. சுவாமிக்கு முன்பக்கம் ஒன்று, வெளியூர்க்காரர் ‘பெரிய கோபுரம்’ என்று அடையாளம் வைத்திருப்பது இன்னொன்று. ‘முன் கோபுரத்துக்கு வா’ என்று சொன்னால் இருவர் இரண்டு பக்கம் நிற்பார்கள்.

ஆனால் பங்குனிப் பெருவிழாவில் ஏழாம் நாள் தேரும் எட்டாம் நாள் அறுபத்துமூவரும் மாட வீதியில் நடப்பவை. அன்று சுவாமியே தெருவுக்கு வருகிறார். கோயில் வாசலைத் தேடி நெரிவதைவிட வீதியில் நல்ல நிழலான இடம் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

குடும்பத்தில் ஒருவர் கைவிட்டுப் போனால் எங்கே சந்திப்பது?

கோயில் வாசலில் அல்ல, குளத்தங்கரையிலும் அல்ல, எல்லோரும் சொல்லும் இடம் அதுதான். தடுப்புக்கு வெளியே, வெளியேறும் பக்கத்தில், பெயர்ப்பலகை உள்ள ஒரு கடையை முந்தின நாளே குறித்துவையுங்கள். பாரதியார் இல்லம் கோயிலுக்கு மிக அருகில் இருக்கிறது, ஆட்டோக்காரர் எல்லோருக்கும் தெரியும். அன்று அந்தத் தெருவில் நடக்க விடுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பையனின் சட்டைப் பையில் உங்கள் போன் எண்ணைத் தாளில் எழுதிப் போடுங்கள். தொலைந்துவிட்டால் சீருடையில் இருப்பவரிடம் போய் நிற்கச் சொல்லுங்கள், நீங்களும் விழாவுக்காகப் போட்டிருக்கும் காவல் கட்டுப்பாட்டுப் பந்தலுக்கே போங்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைப்பது அங்கிருந்துதான்.